கிளையன்ட் மனசு மாறினாலும் கலையாத கம்போசிட்: போட்டோஷாப்பில் ஒரு தீபாவளி விளம்பரத்தைக் கட்டும் முறை

ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி ஹோர்டிங்கை எடுத்துக்கொள்வோம். ஸ்டுடியோவில் சாம்பல் திரைக்கு முன்னால் எடுத்த மாடல் படம். உடுத்தியிருப்பது தங்க ஜரிகைக் கரை போட்ட அரக்குப் பட்டு. பின்னணிக்கு மாலை நேரத்தில் எடுத்த ஒரு கல் மண்டபம், முன்னால் வரிசையாக அகல் விளக்குகள், மேலே கடையின் பெயரும் தள்ளுபடி வரியும். அளவு 20 அடிக்கு 10 அடி.

இந்த மாதிரி வேலையில் முதல் புரூஃப் போன பிறகு வரும் திருத்தங்கள் பெரும்பாலும் மூன்று வகைதான். "புடவையைப் பச்சையா மாத்திப் பாருங்க." "பின்னாடி காலை வெளிச்சமா இருந்தா மங்களகரமா இருக்கும் தம்பி." "இதையே கடை வாசல்ல நிக்க வைக்கிற மாதிரி நெட்டுக்குத்தா ஒண்ணு குடுங்க." இந்த மூன்றையும் முதலிலிருந்து கட்டாமல் செய்து முடிக்க, ஃபைலை எப்படி அமைப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

## ஒவ்வொரு லேயரிடமும் கேட்க வேண்டிய கேள்வி

அழிக்காதே, மாஸ்க் போடு. நேரடியாக நிறம் மாற்றாதே, அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போடு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், சரியானதும்கூட. ஆனால் இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஃபைலும் திருத்த முடியாத ஃபைலாக ஆகிவிடுவது உண்டு. ஒரே கர்வ்ஸ் லேயர் முகத்தின் கருமையையும் தூக்குகிறது, மாலை நேரத்து நீலத்தையும் சேர்க்கிறது என்று வையுங்கள். பின்னணி காலையாக மாறும்போது அந்த லேயரை அணைத்தால் முகம் இருண்டுவிடும். அணைக்காவிட்டால் காலை வெயிலில் நீல முகம். எதையும் அழிக்கவில்லைதான், ஆனாலும் மாட்டிக்கொண்டோம்.

அதனால் ஒவ்வொரு லேயரைப் போடும்போதும் ஒரு கேள்வி: இது எதை நம்பி இருக்கிறது? பருவைத் துடைப்பது, முடியோரம் வெட்டுவது, புடவை நிறம் எல்லாம் மாடல் படத்துக்குச் சொந்தம். பின்னணி எதுவானாலும் அவை மாறாது. நிழல், மண்டபத்தின் நிறத்தோடு மாடலை ஒட்டவைக்கும் கர்வ்ஸ், விளக்கு வெளிச்சம் ஆகியவை காட்சிக்குச் சொந்தம். பின்னணி மாறினால் அவையும் மாறியாக வேண்டும். எழுத்து, லோகோ, யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் அளவுக்குச் சொந்தம். கிளையன்ட் கேட்ட மூன்று மாற்றமும் இந்த மூன்று வகையில் ஒவ்வொன்றில் விழுவதைக் கவனியுங்கள். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கலக்காமல் இருந்தால் போதும்.

## முதல் படி: ஃபோல்டரும் கேன்வாஸும்

20 அடி ஹோர்டிங்கை முழு அளவில் கட்டத் தேவையில்லை. கால் பங்கு அளவில், 60 × 30 அங்குலம், 150 பிபிஐ எடுத்தால் 9000 × 4500 பிக்சல் வரும். தூரத்திலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு இது தாராளம். நிறம் RGB-யிலேயே இருக்கட்டும். PSD ஃபைல் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. தாண்டும் என்று தெரிந்தால் PSB-யாகச் சேமியுங்கள்.

```
deepavali/
  01_raw/
  02_links/   model.psb  mandapam-maalai.psb  vilakku.psb
  03_work/    hoarding_v01.psd
  04_sent/    hoarding_v01.jpg
```

`02_links`-தான் இதில் முக்கியம். மாடல், மண்டபம், விளக்கு ஆகிய மூன்றும் தனித்தனி ஃபைல்கள். ஹோர்டிங் ஃபைல் அவற்றை வெளியிலிருந்து இணைத்துக்கொள்ளும்.

## இரண்டாம் படி: model.psb

அதிக நேரம் செலவாகும் இடம் இதுதான், செலவாகவும் வேண்டும். மாடல் படத்துக்குச் சொந்தமான எல்லாமே இந்த ஃபைலுக்குள் முடிந்துவிட வேண்டும்.

ரா ஃபைலை கேமரா ராவில் திறந்து, Shift விசையை அழுத்தினால் Open என்ற பொத்தான் Open Object என்று மாறும். அதைச் சொடுக்கினால் படம் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வரும். பிறகு எப்போது வேண்டுமானாலும் அதன் சிறுபடத்தை இரட்டைச் சொடுக்கு செய்து எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் எல்லாவற்றையும் மாற்றலாம். படத்தைச் சின்னதாக்கிக் கொண்டுவர வேண்டாம். கேமரா தந்த பிக்சல் அத்தனையும் உள்ளே இருக்கட்டும். இது ஏன் முக்கியம் என்பது நெட்டுக்குத்தான அளவு கேட்கும்போது தெரியும்.

அதன் மேல் ஒரு வெற்று லேயர், ஹீலிங் பிரஷ்ஷுக்கு. மேலே ஆப்ஷன் பட்டியில் Sample என்ற இடத்தில் Current & Below என்று வையுங்கள். All Layers என்று வைத்துவிட்டால் மேலே இருக்கும் கர்வ்ஸின் விளைவையும் சேர்த்து நகலெடுக்கும். அதே கர்வ்ஸ் அதன் மேல் மறுபடி விழும்போது அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். தோலில் திட்டுத்திட்டாக வெளிறினாலோ கறுத்தாலோ முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள். முகத்தில் வெளிச்சம் தூக்கவும் இறக்கவும் இரண்டு கர்வ்ஸ் போதும். இரண்டின் மாஸ்க்கையும் கறுப்பாக நிரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் மெல்லிய வெள்ளை பிரஷ்ஷால் வரையலாம்.

கட் அவுட் மாஸ்க்கை இதே ஃபைலில், எல்லா லேயரையும் அடக்கிய வெளிக் குரூப்பின் மீது போடுங்கள். ஹோர்டிங் ஃபைலில் போட வேண்டாம். அதற்குக் காரணம் உண்டு. மாடலை நகர்த்தி, சிறிதாக்கி, பெரிதாக்கி ஒவ்வொரு தடவை டிரான்ஸ்ஃபார்ம் செய்யும்போதும் வெளியே இருக்கும் மாஸ்க் மறுபடி கணக்கிடப்பட்டுக் கொஞ்சம் மழுங்கும். முடியோரம் மாதிரி நுணுக்கமான வெட்டு இரண்டு மூன்று தடவையிலேயே மங்கிவிடும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்கு உள்ளே இருக்கும் மாஸ்க்குக்கு இந்தச் சேதம் இல்லை.

Select and Mask சாளரத்தில் Decontaminate Colors என்ற குறியைப் போட வேண்டாம். போட்டால் மாஸ்க் மட்டும் தராது, நிறம் மாற்றிய புது பிக்சல் லேயரைத் தரும். அதற்குப் பிறகு ராவைத் திருத்தினால் அந்த லேயருக்குப் போய்ச் சேராது. முடியோரத்தில் ஸ்டுடியோத் திரையின் சாம்பல் ஒட்டியிருந்தால், அதன் மேல் ஒரு வெற்று லேயரைப் போட்டு, முடியின் நிறத்தை எடுத்து மெதுவாக வரையுங்கள். வெளிக் குரூப்பின் மாஸ்க்கே அதையும் வெட்டிவிடும்.

### புடவை நிறம்

புடவையின் உடல் பகுதிக்கு மட்டும், ஜரிகைக் கரையையும் முந்தியையும் விட்டுவிட்டு, நல்ல மாஸ்க் ஒன்று போட்டு அதை ஒரு குரூப்பின் மீது வையுங்கள். அந்தக் குரூப்பின் பிளெண்ட் மோட் Pass Through ஆகவே இருக்க வேண்டும். Normal என்று மாற்றினால் உள்ளே இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் கீழே இருக்கும் படத்தைத் தொடாது. குரூப்புக்குள் நிறத்துக்கு ஒரு சின்ன குரூப்: "பச்சை" என்பதற்குள் ஒரு Hue/Saturation, ஒரு கர்வ்ஸ். மாஸ்க் வெளியே ஒரே இடத்தில் இருப்பதால், ஓரத்தில் எங்காவது பிசிறு தெரிந்தால் ஒரு தடவை திருத்தினால் எல்லா நிறத்துக்கும் சேரும்.

இங்கே பலரும் விட்டுவிடுவது பட்டின் பிரதிபலிப்பு. அரக்குப் பட்டு தன் சிவப்பைத் தாடைக்கு அடியிலும், கழுத்திலும், முன்கையின் உட்பக்கத்திலும் தெளித்திருக்கும். புடவையைப் பச்சையாக்கிய பிறகும் அந்தச் சிவப்பு தோலில் நின்றால், ஏன் என்று சொல்லத் தெரியாமலே பார்ப்பவர் "ஏதோ ஒட்டலையே" என்பார். அது புடவை மாஸ்க்குக்கு வெளியே இருப்பதால், "தோல்" என்று இன்னொரு குரூப் போட்டு, அதில் பச்சைக்கான கர்வ்ஸில் சிவப்பைக் கொஞ்சம் இறக்குங்கள்.

இப்போது Window மெனுவில் Layer Comps பலகத்தைத் திறந்து, அரக்கு நிலையில் ஒரு காம்ப், பச்சை நிலையில் ஒரு காம்ப் என்று Visibility குறியோடு பதிந்து, ஃபைலைச் சேமித்துவிடுங்கள். இதன் பலன் வெளியே தெரியும்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். அரக்கிலிருந்து அடர் பச்சைக்கோ கருநீலத்துக்கோ போவது எளிது, வெளிச்ச அளவு ஏறத்தாழ ஒன்று. அரக்கிலிருந்து மாம்பழ மஞ்சளுக்குப் போக வேண்டுமானால் வெளிச்சத்தை நிறையத் தூக்க வேண்டும். அப்போது கொசுவத்தின் மடிப்புகளில் குருணை எழும்பும், நிழல் அழுக்குப் பச்சையாகத் தெரியும். 100 சதவீத ஸூமில் மடிப்பைப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். அந்த நிலையில் புடவையை மறுபடி உடுத்திப் படம் எடுப்பதே நேர்மையான வழி. எந்த நிறமானாலும் கடையிலிருந்து அந்த நிறப் புடவையை வாங்கி வைத்து ஒப்பிட்டுத்தான் செய்ய வேண்டும். விளம்பரத்தில் பார்த்த பச்சையைத் தேடித்தான் ஆள் கடைக்குள் வருவார்.

## மூன்றாம் படி: காட்சியைக் கட்டுவது

`hoarding_v01.psd`-ல் File மெனுவிலிருந்து Place Linked கொடுத்து மண்டபம், மாடல், விளக்கு மூன்றையும் கொண்டுவாருங்கள். லேயர்கள் கீழிருந்து மேலாக இப்படி இருக்கும்.

```
7  v01 என்ற சின்ன எழுத்து
6  எழுத்து, லோகோ
5  முழுப்படத்துக்கான நிறம்
4  விளக்குகள்
3  மாடல் (Normal): model.psb + "மாலை" கர்வ்ஸ்
2  நிழல்கள்
1  மண்டபம்
```

மூன்றாவது குரூப்பைக் கவனியுங்கள். முன்பு சொன்னதற்கு நேர்மாறாக, இங்கே பிளெண்ட் மோட் Normal. அப்போதுதான் உள்ளே இருக்கும் கர்வ்ஸ் மாடலை மட்டும் தொடும், மண்டபத்துக்குப் பரவாது. அதற்குள் model.psb, அதன் மேல் "மாலை" என்ற சின்ன குரூப். அதில் ஒரு கர்வ்ஸ் மொத்த மாடலுக்கும் நீலம் கலந்த மங்கலைத் தருகிறது. இன்னொரு கர்வ்ஸ் விளக்கு இருக்கும் பக்கம் மட்டும், கீழிருந்து மேலாக, மஞ்சள் சூட்டைத் தருகிறது. இந்த மாஸ்க்குகள் மென்மையானவை, டிரான்ஸ்ஃபார்மில் கொஞ்சம் மழுங்கினாலும் ஒன்றும் ஆகாது.

நிழல் இரண்டு வேண்டும். பாதமும் புடவை விளிம்பும் தரையைத் தொடும் இடத்தில் அடர்த்தியான ஒடுங்கிய நிழல் ஒன்று; தரையில் நீளும் மெல்லிய நிழல் ஒன்று. இரண்டையும் கறுப்பு பிரஷ்ஷால் வரைவதைவிட, Solid Color லேயரை மல்டிப்ளை மோடில் போட்டு மாஸ்க்கில் வடிவம் கொடுப்பது நல்லது. நிறம் மாற்ற இரட்டைச் சொடுக்கு போதும். மங்கலையும் மாஸ்க்கில் பிளர் அடித்துச் செய்யாமல், Properties பலகத்தில் Feather எண்ணாக வையுங்கள். நாளைக்கு அந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம். நிழலும் மாடலும் சேர்ந்தே நகர வேண்டும் என்பதால் 2, 3 இரண்டையும் ஒரே வெளிக் குரூப்பில் போடுங்கள்.

விளக்குகளில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸ்மார்ட் ஆப்ஜெக்டை Ctrl+J-யால் பெருக்கினால் எல்லா நகலும் ஒரே மூலத்தையே பார்க்கும். ஒரு விளக்கின் சுடரைத் திருத்தினால் வரிசை முழுக்கத் திருந்தும். விளக்கு வரிசைக்கு அது வசதிதான். ஓரிரண்டு விளக்கு மட்டும் வேறு மாதிரி இருக்க வேண்டுமென்றால், அந்தச் சுடருக்கு இன்னொரு பெயரில் `vilakku-2.psb` சேமித்து, அந்த நகல்களுக்குப் பதிலாக அதை Place Linked கொடுத்துத் தனியாகக் கொண்டுவாருங்கள்.

கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே லேயராக்கும் Ctrl+Alt+Shift+E பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அந்த லேயர் வந்த நொடியில் அதன் கீழே செய்த எதுவும் மேலே தெரியாமல் போகும். வேறொருவர் ஃபைல் கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது கீழ் லேயர்களின் கண்ணை அணைத்துப் பார்ப்பதுதான். படம் அசையாமல் இருந்தால் எங்கோ இப்படி ஒரு லேயர் உட்கார்ந்திருக்கிறது. அதேபோல ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் மீது பிரஷ்ஷை வைத்ததும் ராஸ்டரைஸ் செய்யலாமா என்று பெட்டி கேட்கும். ரத்து செய்துவிட்டு மேலே வெற்று லேயர் போடுங்கள்.

## நான்காம் படி: அனுப்பும் முன் ஒரு ஒத்திகை

முதல் புரூஃப் போவதற்கு முன், மண்டபத்தை அணைத்துவிட்டு, அதன் இடத்தில் ஏதாவது பட்டப்பகல் படத்தைப் போடுங்கள். "மாலை" குரூப்பை அணையுங்கள். இப்போது மாடல் ஸ்டுடியோவில் எடுத்த மாதிரி சுத்தமான வெளிச்சத்தில் நிற்க வேண்டும். முடியோரத்தில் நீலக் கோடு தெரிந்தால் காட்சிக்குச் சொந்தமான ஏதோ ஒன்று model.psb-க்குள் புகுந்திருக்கிறது. முகம் திடீரென்று இருண்டால் படத்துக்குச் சொந்தமான திருத்தம் வெளியே வந்திருக்கிறது. இரண்டையும் உரிய இடத்துக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். திருத்தம் வந்த பிறகு, நேரம் நெருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

## ஐந்தாம் படி: மூன்று திருத்தமும்

பச்சைப் புடவை. ஹோர்டிங் ஃபைலில் மாடல் லேயரைத் தேர்ந்தெடுத்தால், Properties பலகத்தில் model.psb-க்குள் பதிந்த காம்ப்களின் பட்டியல் வரும். பச்சையைத் தேர்ந்தால் முடிந்தது. அரக்கும் பச்சையும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டுமென்றாலும் இரண்டு ஃபைல் தேவையில்லை.

காலை வெளிச்சம். அதே மண்டபத்தின் காலைப் படம் கிடைத்தால் அதைத் தனி லிங்க்காக மாலைப் படத்துக்கு மேலே வையுங்கள். மாலையை அழிக்க வேண்டாம். "காலை" என்று புதுக் கர்வ்ஸ் குரூப், நிழலுக்குப் புது நிறமும் புது நீளமும். எழுத்து, விளக்கு, மாடலின் இடம் எதையும் தொடவில்லை.

இங்கே லேயர்களால் தீர்க்க முடியாத ஒன்று வரலாம். காலை வெயில் வலப்பக்கமிருந்து வருகிறது, ஸ்டுடியோ லைட் இடப்பக்கமிருந்து விழுந்திருக்கிறது என்று வையுங்கள். மாடலைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடலாம் என்று கை போகும். திருப்பினால் இடத்தோளில் இருந்த முந்தி வலத்தோளுக்குப் போய்விடும், மூக்குத்தி பக்கம் மாறும். ஜவுளிக்கடைக்காரர் அதை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். மண்டபத்தைத் திருப்புங்கள். கல்வெட்டோ பெயர்ப் பலகையோ படத்தில் இல்லையென்றால் பெரும்பாலும் உறுத்தாது. அடையாளம் தெரியும் மண்டபம் என்றால் திருப்பக் கூடாது, வேறு படம் தேட வேண்டும்.

நெட்டுக்குத்தான ஸ்டாண்டி. 3 அடிக்கு 6 அடி. பாதி அளவில் 18 × 36 அங்குலம், 150 பிபிஐ என்றால் 2700 × 5400 பிக்சல். புது ஃபைல் திறந்து, Duplicate Group வழியாக மாடல், நிழல், விளக்குக் குரூப்களை அனுப்புங்கள். அவை அதே லிங்க் ஃபைல்களையே பார்க்கும். ஹோர்டிங்கின் உயரமே 4500 பிக்சல், மாடல் அதற்குள் 4000 பிக்சல் உயரம் நின்றிருப்பார். ஸ்டாண்டியில் அவர் 4800 பிக்சல் வரை உயர வேண்டும். அந்த அளவுக்குச் சுருக்கி ஒட்டிய வெறும் லேயராக இருந்திருந்தால் இப்போது இழுத்துப் பெரிதாக்க வேண்டும், பட்டின் நெசவு மங்கும். 6000 × 4000 கேமராவில் நெட்டுக்குத்தாக எடுத்த படம் model.psb-க்குள் முழுதாக இருப்பதால் அந்தப் பிரச்சினை இல்லை. மண்டபத்தின் மேற்பகுதி போதவில்லையென்றால் அதுவும் `02_links`-ல் வெட்டாமல்தான் இருக்கிறது. கிராப் கருவியில் Delete Cropped Pixels குறியை எப்போதும் எடுத்தே வையுங்கள். model.psb-யைத் திறந்து திருத்தும்போதும் அதன் கேன்வாஸ் அளவை மாற்றாதீர்கள். மாற்றினால் வெளியே மாடல் இடம் பெயர்ந்தோ அளவு மாறியோ நிற்பார்.

## வெர்ஷன்கள்

வெளியே அனுப்பும் ஒவ்வொரு புரூஃபுக்கும் ஒரு எண். அனுப்பாத வரை எண் மாறாது; அனுப்பியதும் அந்த ஃபைலைத் தொடாமல் அடுத்த எண்ணில் சேமித்துவிட்டுத்தான் வேலை. JPG-யும் PSD-யும் ஒரே பெயரில் இருக்கட்டும்.

```
hoarding_v03_pachai-kaalai.psd
hoarding_v03_pachai-kaalai.jpg
```

ஆனால் வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் ஃபைல் பெயர் போய்விடும். "முந்தாநாள் அனுப்பினீங்களே, அதுதான் நல்லா இருந்துச்சு" என்றால் எது என்று தெரியாது. அதற்காகத்தான் லேயர் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே `v01` என்ற சின்ன எழுத்து. புரூஃபின் மூலையில் அது தெரிய வேண்டும், அச்சுக்குப் போகும்போது அணைக்க வேண்டும். அப்புறம் பேச்சு "v02-ஓட பின்னணி, v03-ஓட புடவை" என்று தெளிவாக நடக்கும்.

ஒரே எண்ணுக்குள் இரண்டு மூன்று சாய்ஸ் காட்ட லேயர் காம்ப் போதும். ஆனால் அது லேயர் தெரிகிறதா, எங்கே இருக்கிறது, பிளெண்ட் மோடும் ஸ்டைலும் என்ன என்பது போன்றவற்றைத்தான் நினைவில் வைக்கும். கர்வ்ஸின் வளைவை மாற்றினால் அந்த லேயர் வரும் எல்லாக் காம்பிலும் மாறிவிடும். காலைக்கும் மாலைக்கும் ஒரே கர்வ்ஸைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்தாமல் இரண்டு குரூப் போட்டது இதனால்தான்.

லிங்க் ஃபைல்களிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. v01, v03 இரண்டும் அதே model.psb-யைப் பார்க்கின்றன. v03-க்காக முகத்தைத் திருத்தி, பிறகு v01-ஐத் திறந்து அப்டேட் செய்தால் அங்கேயும் புது முகம் வந்துவிடும். புதிதாக நிறக் குரூப் சேர்ப்பது மாதிரி கூடுதல் வேலைக்குப் பிரச்சினை இல்லை. ஏற்கனவே காட்டிய ஒன்றை மாற்றுவதென்றால் `model_v02.psb` என்று சேமித்து, புது ஹோர்டிங் ஃபைலில் மட்டும் Relink to File கொடுங்கள்.

ஒப்புதல் வந்ததும், அச்சகத்துக்கான CMYK மாற்றத்தை வேலை ஃபைலில் செய்யாதீர்கள். லேயர்களோடு மோடை மாற்றினால் சில அட்ஜஸ்ட்மென்ட்கள் காணாமல் போகும், பிளெண்ட் மோட்களின் தோற்றமும் மாறும். ஒரு நகலை எடுத்து, ஃப்ளாட்டன் செய்து, அச்சகம் சொல்லும் புரொஃபைலுக்கு அதை மட்டும் மாற்றுங்கள். பச்சைப் பட்டின் பளபளப்பு CMYK-யில் கொஞ்சம் தணியும். எவ்வளவு தணிகிறது என்று முன்கூட்டியே பார்க்க, RGB ஃபைலிலேயே Proof Colors-ஐ இயக்கிக் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள். வேலை ஃபைல் வேறு கணினிக்கோ வேறு டிசைனர் கைக்கோ போகிறதென்றால் File மெனுவில் Package கொடுத்து, லிங்க்குகளும் சேர்ந்த முழு ஃபோல்டராக அனுப்புங்கள்.